பள்ளி விளையாட்டு விழாவுக்குப் பேக்கரி எழுதும் ஸ்பான்சர் கடிதம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிறு கடைகளுக்குக் கடிதம் எழுதிக் கொடுப்பது என் வேலையில் ஒரு பகுதி. விளையாட்டு விழா நெருங்கும்போது பேக்கரிக்காரர்கள் வந்து ஏறக்குறைய ஒரே மாதிரி கேட்பார்கள்: "பிள்ளைகளுக்கு நாங்கள் பன் கொடுக்கிறோம், பள்ளியைப் பற்றி எங்கள் பக்கத்தில் போஸ்ட் போடுகிறோம், இதைக் கடிதமாக எழுதித் தாருங்கள்." எழுத உட்கார்ந்த பிறகுதான் சந்தேகங்கள் ஒவ்வொன்றாக வெளியே வரும். அவற்றை அவர்கள் கேட்டபடியே இங்கே சேர்த்திருக்கிறேன்.

பி.டி. ஆசிரியர் நமக்குத் தெரிந்தவர்தான். போனில் சொன்னால் போதாதா, கடிதம் எதற்கு?

பி.டி. ஆசிரியர் சரி என்று சொல்வார். ஆனால் முடிவு பெரும்பாலும் அவர் கையில் இருக்காது. தலைமையாசிரியர், நிர்வாகம், சில இடங்களில் பெற்றோர் சங்கம் என்று இரண்டு மூன்று பேர் பார்த்துத்தான் தலையாட்டுவார்கள். அந்த அறையில் நீங்கள் இருக்க மாட்டீர்கள். உங்களுக்குப் பதிலாக அந்தத் தாள்தான் பேச வேண்டும்.

அதனால் கடிதத்தைத் தலைமையாசிரியர் பெயருக்கே எழுதுங்கள், பி.டி. ஆசிரியரிடம் பேசியதை முதல் வரியில் குறிப்பிடுங்கள். ஒரு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம். கடை எந்த ஆண்டு தொடங்கியது, என்னென்ன விருது வாங்கியது என்ற கதைக்கு இதில் இடமில்லை.

இதில் யார் யாருக்கு என்ன கொடுக்கிறார்கள்? எழுதும்போது எனக்கே குழம்புகிறது.

மூன்று விஷயங்கள் ஒன்றோடொன்று கலந்துவிடுவதால்தான் குழப்பம். நீங்கள் கொடுக்கும் பொருள் ஒன்று. நீங்கள் போடும் போஸ்ட் இரண்டாவது. பள்ளியிடம் நீங்கள் எதிர்பார்ப்பது மூன்றாவது: மைதானத்தில் ஒரு பேனருக்கு இடம், மைக்கில் ஒரு அறிவிப்பு, அழைப்பிதழில் பெயர் என்று ஏதாவது. மூன்றையும் தனித்தனிப் பத்தியாக எழுதினால் படிப்பவருக்கும் தெளியும், உங்களுக்கும் தெளியும்.

நான் திருத்தும் கடிதங்களில் அதிகமாக அடிக்கும் சொல் 'குறிப்பிடப்படும்'. "சமூக ஊடகங்களில் குறிப்பிடப்படும்" என்று எழுதினால் மரியாதையாகத்தான் தெரிகிறது. யார் குறிப்பிடுவார்கள், யாருடைய பக்கத்தில் என்பது மட்டும் அதில் இல்லை. ஒரு விழாவில் பள்ளி போடும் என்று பேக்கரி காத்திருந்தது, பேக்கரி போடும் என்று பள்ளி காத்திருந்தது. பன் தீர்ந்து, கோப்பை கொடுத்து, மைதானமும் காலியான பிறகு எங்கும் ஒரு போஸ்ட்கூட வரவில்லை. "நாங்கள், எங்கள் இன்ஸ்டாகிராம் பக்கத்தில், போடுவோம்" என்று எழுதியிருந்தால் இந்தச் சிக்கலே வந்திருக்காது.

நம்ம பேஜில் அவங்க பெயரைப் போட்டால் நமக்குத்தானே விளம்பரம்? பள்ளிக்கு அதில் என்ன இருக்கு?

கடிதத்தின் உயிரே இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. "இந்தப் பள்ளியின் விளையாட்டு விழாவுக்கு நாங்கள் பெருமைமிகு ஸ்பான்சர்" என்று ஒரு போஸ்ட் போட்டால் அது முழுக்க உங்கள் விளம்பரம். அதைப் பள்ளிக்குக் கொடுக்கும் பதிலுதவியாகக் கடிதத்தில் காட்டினால் படிப்பவருக்கு உடனே புரிந்துவிடும், ஆனால் உங்களிடம் சொல்ல மாட்டார்.

பள்ளிக்கு என்ன தேவை என்று யோசியுங்கள். பெற்றோர் வர வேண்டும், சரியான நேரத்துக்கு, சரியான வாசலுக்கு வர வேண்டும். ஜெயித்த அணியின் பெயர் நாலு பேருக்குத் தெரிய வேண்டும். விடிகாலையில் வந்து கோடு போட்டவர்கள், தண்ணீர் கொடுத்தவர்கள், நேரம் குறித்தவர்கள் எல்லாருக்கும் நன்றி போய்ச் சேர வேண்டும். உங்கள் போஸ்ட் இவற்றில் ஒன்றைச் செய்தால் அது பள்ளிக்கு உதவி. கடை பெயர் கீழே ஒரு வரியில் இருந்தாலே போதும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். போஸ்ட் என்பது பன்னுக்குப் பதில் ஆகாது. "பொருள் குறைவாகத் தருகிறோம், விளம்பரம் நிறையத் தருகிறோம்" என்ற கடிதங்களை நான் எழுதிக் கொடுப்பதில்லை. பத்தரை மணி வெயிலில் ஓடிவந்த பிள்ளைக்குப் பசிக்கும்போது போஸ்ட் எதற்கும் உதவாது.

எங்களுக்கு 2,800 ஃபாலோயர்ஸ். அதைக் கடிதத்தில் போடலாமா?

போடலாம், ஆனால் அந்த எண்ணை மட்டும் போடாதீர்கள். 2,800 பேரில் எத்தனை பேர் பள்ளி இருக்கும் ஊர்க்காரர்கள் என்பதுதான் தலைமையாசிரியருக்கு வேண்டும். இன்ஸ்டாகிராமில் தொழில்முறைக் கணக்கு வைத்திருந்தால் Insights பகுதியில் ஃபாலோயர்கள் எந்த ஊரில் இருக்கிறார்கள் என்று காட்டும். சமீபத்திய போஸ்ட்களை எத்தனை கணக்குகள் பார்த்தன என்பதும் அங்கேயே இருக்கும்.

கடைசிப் பத்துப் போஸ்ட்களை எடுத்து, பார்த்தவர்களின் எண்ணிக்கையைச் சிறியதிலிருந்து பெரியதாக வரிசைப்படுத்தி, நடுவில் வருவதை எழுதுங்கள். எப்போதோ ஒரு கேக் வீடியோ பிய்த்துக்கொண்டு ஓடியிருக்கும். அதை எழுதினால் விழாப் போஸ்ட் அந்த அளவுக்குப் போகாது, பிறகு நீங்கள்தான் சங்கடப்பட வேண்டும். "எங்கள் போஸ்டை வழக்கமாக 900 பேர் பார்க்கிறார்கள், ஃபாலோயர்களில் பாதிக்கு மேல் நம் ஊர்க்காரர்கள்" என்ற மாதிரி ஒரு வரி 2,800 என்ற எண்ணைவிடப் பயன்படும்.

எத்தனை போஸ்ட் என்று எழுதுவது? "தொடர்ந்து பதிவிடுவோம்" என்று போட்டால் போதாதா?

போதாது. 'தொடர்ந்து' என்றால் உங்களுக்கு இரண்டு, அவர்களுக்கு இருபது. எண்ணும் நாளும் வேண்டும். 600 பிள்ளைகள் படிக்கும் ஒரு பள்ளிக்கு நான் எழுதிக் கொடுத்த திட்டம் இப்படி இருந்தது. விழாவுக்கு 10 நாள் முன்பு ஒரு போஸ்ட், அதில் நாள், தொடங்கும் நேரம், பெற்றோர் வர வேண்டிய வாசல். முந்தின நாள் மாலை ஒரு ஸ்டோரி, அதே தகவலை நினைவூட்ட. விழா முடிந்து இரண்டு நாளுக்குள் ஒரு போஸ்ட், ஜெயித்த அணிகளும் நன்றியும். மொத்தம் இரண்டு போஸ்ட், ஒரு ஸ்டோரி. ஒரு சின்னக் கடை இதைத் தவறாமல் செய்துவிட முடியும்.

ஸ்டோரியையும் போஸ்டையும் ஒரே கணக்கில் சேர்க்க வேண்டாம். ஸ்டோரி 24 மணி நேரத்தில் மறைந்துவிடும், போஸ்ட் பக்கத்தில் அப்படியே நிற்கும். அப்புறம், போஸ்டின் வாசகத்தை முன்கூட்டியே பள்ளிக்கு அனுப்பி அவர்கள் சரி என்ற பிறகுதான் போடுவோம் என்பதையும் எழுதுங்கள். தேதி தப்பாகப் போனால் அலைவது பெற்றோர்கள்.

பன் எத்தனை என்று எப்படிக் கணக்குப் போடுவது? "அனைத்து மாணவர்களுக்கும்" என்று எழுதிவிட்டேன்.

அதை அடித்துவிட்டு எண்ணைப் போடுங்கள். மேலே சொன்ன பள்ளியில் பிள்ளைகள் 600, ஆசிரியர்களும் உதவிக்கு வருபவர்களும் 40. மொத்தம் 640. கீழே விழுந்தது, நசுங்கியது, கணக்கில் வராமல் வந்து நிற்கும் தம்பி தங்கைகள் என்று நூற்றுக்கு 5 கூட்டினால் 672. அந்தக் கடையில் ஒரு தட்டில் 24 பன் வேகும், ஆக 28 தட்டு. அடுப்பில் ஒரு தடவைக்கு 4 தட்டு போகும், ஆக 7 ஈடு. ஏற்றி, வேகவைத்து, இறக்க ஓர் ஈட்டுக்கு 25 நிமிடம் என்றால் அடுப்பு மட்டுமே ஏறக்குறைய 3 மணி நேரம் ஓட வேண்டும்.

அடுப்பிலிருந்து இறங்கிய பன்னை உடனே உறையில் போட முடியாது. சூட்டோடு போட்டால் உள்ளே வியர்த்து, உறையில் முத்து முத்தாக நீர் நிற்கும், மேல்தோல் பிசுபிசுவென்று ஆகிவிடும். ஒரு மணி நேரமாவது ஆற வேண்டும். அந்தக் கடையில் முதல் ஈடு அதிகாலை 4:30க்கு ஏறினால் கடைசி ஈடு 7:25க்கு இறங்கும், 8:25 வரை ஆறும், உறையில் போட்டு வண்டியில் ஏற்றக் கால் மணி, அரை மணி. அதனால்தான் கடிதத்தில் 8 மணி என்று எழுதாமல் "காலை 10 மணிக்குள்" என்று எழுதினோம். அன்றைக்கும் கடைக்கு ரொட்டி வேண்டும் என்பதை மறந்துவிடாதீர்கள். அடுப்பின் கொள்ளளவைப் பார்த்துவிட்டுத்தான் எண்ணில் கை வைக்க வேண்டும்.

பன் சாதாரணமாகத் தெரிகிறது. க்ரீம் கேக் கொடுத்தால் நன்றாக இருக்குமே?

வேண்டாம். க்ரீம் மாதிரி கெட்டுப்போகக்கூடிய பண்டத்தைக் குளிர்ச்சி இல்லாமல் 2 மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்கக் கூடாது, 32 டிகிரி செல்சியஸுக்கு மேல் வெயில் இருந்தால் 1 மணி நேரம்தான். மைதானத்தில் அது நடக்காத காரியம்.

எதைக் கொடுத்தாலும் அதில் என்னென்ன இருக்கிறது என்று கடிதத்திலேயே ஒரு வரி எழுதுங்கள்: கோதுமை, பால், முட்டை, எள், கொட்டைப் பருப்பு. பன்னில் கொட்டை இல்லாவிட்டாலும் அதே மேசையில் பாதாம் கேக் செய்கிறீர்கள் என்றால் அதையும் சொல்ல வேண்டும். ஒவ்வாமை உள்ள பிள்ளை எந்த வகுப்பில் இருக்கிறது என்று பள்ளிக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியாது. இனிப்புப் பண்டம் கூடாது என்று சில பள்ளிகளில் விதி உண்டு. அதைப் பி.டி. ஆசிரியரிடம் முன்பே கேட்டுவிடுங்கள்.

பிள்ளைகள் நம்ம பன்னைச் சாப்பிடுகிற படத்தை நம்ம பேஜில் போடலாமா? பள்ளியே போடுகிறதே?

பள்ளி போடுவதும் கடை போடுவதும் ஒன்றல்ல. சேர்க்கையின்போது பெற்றோர் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும் ஒப்புதல் பெரும்பாலும் பள்ளியின் சொந்தப் பயன்பாட்டுக்கு மட்டும்தான். அந்தப் பிள்ளையின் முகம் ஒரு கடையின் விளம்பரத்தில் வருவதற்கு அவர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. ஸ்பான்சர் என்பதால் உங்களுக்குத் தனி உரிமை எதுவும் வந்துவிடாது. "பள்ளி மறுத்தால் பார்த்துக்கொள்ளலாம்" என்று காத்திருக்காமல் நீங்களே முதலில் கடிதத்தில் சொல்லுங்கள்: "பிள்ளைகளின் முகமோ பெயரோ தெரியும் படத்தை நாங்கள் போட மாட்டோம்." தலைமையாசிரியரின் கண் முதலில் நிற்கும் வரி இதுதான் என்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

முகம் இல்லாமலும் விழாவை நன்றாகக் காட்டலாம். சுண்ணாம்புக் கோட்டில் ஊன்றிய ஒரு கை, புழுதி பறக்கும் கால்கள், மேசையில் வரிசையாக நிற்கும் கோப்பைகள், காலியான 28 தட்டு. ஒரு கடைக்காரர் எடுத்த படம் எனக்கு இன்னும் நினைவில் இருக்கிறது. நீட்டிய ஐந்தாறு சின்னக் கைகள், ஒன்றில் கயிறு இழுத்த சிவப்புத் தடம், நடுவில் ஒரு பன். யார் முகமும் இல்லை. அன்றைய நாள் முழுவதும் அதில் இருந்தது.

ஒன்றைக் கவனியுங்கள். முகத்தை மறைத்துவிட்டு முதுகில் பெயர் எழுதிய சட்டையைக் காட்டினால் மறைத்ததே வீண். ஜெயித்த பிள்ளையின் படம் வேண்டும் என்று பள்ளியே விரும்பினால், பெற்றோரின் எழுத்து ஒப்புதலை வாங்கிப் பள்ளியே தேர்ந்தெடுத்து அனுப்பட்டும். யாராவது நீக்கச் சொன்னால் அன்றைக்கே நீக்குவோம் என்பதும் கடிதத்தில் இருக்க வேண்டும்.

பள்ளிக்கு இன்ஸ்டாகிராமே இல்லை. அப்புறம் எப்படி மென்ஷன் பண்ணுவது?

போஸ்டில் பள்ளியின் முழுப் பெயரை எழுதுங்கள், அவ்வளவுதான். அதே பெயரில் வேறு பள்ளியோ பழைய மாணவர்கள் நடத்தும் பக்கமோ இருந்தால், கவனிக்காமல் அதை இணைத்துவிடுவோம். பள்ளிக்குக் கணக்கு இருக்கும் இடங்களில் அதன் பெயரைப் பள்ளியிடமே எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.

இப்படிப்பட்ட பள்ளிகளில் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில்தான் இருப்பார்கள். 10 நாள் முன்பு போடும் அந்த அறிவிப்பையே குழுவில் பகிரத் தோதான படமாகச் செய்து பள்ளியிடம் கொடுக்கலாம். பகிர்வதா வேண்டாமா என்பது அவர்கள் விருப்பம். குழுவில் உங்களைச் சேர்க்கச் சொல்லியோ, பெற்றோர் எண்களைக் கேட்டோ கடிதத்தில் ஒரு சொல்கூட வரக் கூடாது.

பள்ளியும் எங்களைப் பற்றி ஒரு போஸ்ட் போடணும் என்று கேட்கலாமா?

கேட்கலாம், வேண்டுகோளாக. "உங்கள் பக்கத்தில் ஒரு நன்றிப் பதிவு இட இயலுமானால் மகிழ்வோம்" என்று எழுதினால் போதும். "தரமான சுவையான பன்" என்று பள்ளி பாராட்ட வேண்டும் என்று மட்டும் கேட்காதீர்கள். பொருள் வாங்கிக்கொண்டு பாராட்டினால் அது விளம்பரம். பல நாடுகளின் விளம்பர விதிகளில் காசு மட்டுமல்ல, பொருளாகக் கொடுத்ததும் கணக்கில் வரும், அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும்.

"விழாவுக்குப் பன் வழங்கிய பேக்கரிக்கு நன்றி" என்ற வாசகத்திலேயே அது இருக்கிறது. யார் கொடுத்தது, என்ன கொடுத்தது என்று படிப்பவருக்குத் தெரிந்துவிடும்.

இதையெல்லாம் சேர்த்தால் கடிதம் எப்படி இருக்கும்? ஒன்று காட்டுங்கள்.

அந்த 600 பிள்ளைகள் பள்ளிக்கு எழுதியது ஏறக்குறைய இப்படி:

"மதிப்பிற்குரிய தலைமையாசிரியர் அவர்களுக்கு, வணக்கம். தங்கள் பள்ளியின் உடற்கல்வி ஆசிரியரிடம் பேசியதன் தொடர்ச்சியாக இதை எழுதுகிறோம். விளையாட்டு விழா நாளன்று 672 பன்களை, தனித்தனி உறையில், காலை 10 மணிக்குள் மைதானத்தில் சேர்ப்போம். பன்னில் கோதுமை, பால், முட்டை உண்டு. கொட்டைப் பருப்பு இல்லை, ஆனால் அதைப் பயன்படுத்தும் கூடத்தில்தான் பன்னும் தயாராகிறது. எங்கள் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் விழாவுக்கு 10 நாள் முன்பு ஓர் அறிவிப்பும், முந்தின நாள் ஒரு ஸ்டோரியும், முடிந்த இரண்டு நாளுக்குள் வெற்றி பெற்ற அணிகளுக்கு வாழ்த்தும் நாங்கள் வெளியிடுவோம். வாசகங்களைத் தங்களுக்கு முன்பே அனுப்புவோம். பிள்ளைகளின் முகமோ பெயரோ தெரியும் படங்களை வெளியிட மாட்டோம். யாரேனும் ஒரு படத்தை நீக்கச் சொன்னால் அன்றே நீக்குவோம். மைதானத்தில் ஒரு பேனருக்கு இடமும், இடைவேளையில் ஒரு முறை அறிவிப்பும் தந்தால் நன்றியுடையவர்களாக இருப்போம். விழா தள்ளிப்போனால் முந்தின நாள் இரவு 8 மணிக்குள் தெரிவிக்க வேண்டுகிறோம்."

கீழே கையெழுத்து, ஒரே ஒரு ஆளின் பெயரும் போன் எண்ணும். இரண்டு எண் கொடுத்தால் பொறுப்பு இரண்டாகப் பிரிந்து எங்கேயோ விழுந்துவிடும். தேதியைப் பொறுத்தவரை, விழாவுக்கு மூன்று, நான்கு வாரம் முன்பே பள்ளியில் சேர்த்துவிடுங்கள். அழைப்பிதழ் அச்சுக்குப் போன பிறகு உங்கள் பெயரை அதில் சேர்க்க முடியாது, 10 நாள் முன்பு போட வேண்டிய போஸ்டுக்கும் நேரம் இருக்காது.

அந்த 8 மணிக் கணக்கு எதற்கு? மழை எப்போது வரும் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?

மேலே பன் கணக்கில் பார்த்தோமே, 4:30க்கு அடுப்பில் ஏற வேண்டும் என்றால் இரவு 2 மணிக்கெல்லாம் மாவு பிசைய வேண்டும். பிசைந்த மாவை நிறுத்திவைக்க முடியாது. 8 மணிக்குத் தெரிந்தால் ஆட்களை வரவேண்டாம் என்று சொல்லலாம், மாவு மூட்டையிலேயே இருக்கும்.

அதற்குப் பிறகு மழை வந்தால் அது யார் தப்பும் இல்லை. அன்றைக்கு என்ன செய்வோம் என்பதையும் பேசி வைத்துக்கொள்ளுங்கள். வகுப்பறையில் கொடுக்கலாம் என்று பள்ளி சொன்னால் கொடுத்துவிடலாம். மறுபடி நடக்கும் நாளுக்கு இன்னொரு 672 தர முடியாது என்றால் கூச்சப்படாமல் முன்பே சொல்லிவிடுங்கள். போஸ்ட்டை மட்டும் புதிய தேதியோடு உடனே மாற்றிப் போட வேண்டும், பழைய தேதி பக்கத்தில் நிற்கக் கூடாது.

வேறொரு பேக்கரியும் கேட்டிருக்காம். எங்களை மட்டும் சேர்க்கணும் என்று எழுதலாமா?

உணவு மொத்தமும் நீங்களே கொடுப்பதாக இருந்தால் எழுதலாம். ஒரு வேளை பன் மட்டும் கொடுத்துவிட்டு மற்றவர்களைத் தடுப்பது நியாயமில்லை. "ஒரே வகைப் பண்டம் இரண்டு முறை வராதபடி தெரிவித்தால் மாற்றிக்கொள்கிறோம்" என்று எழுதினால் பள்ளிக்கும் வசதி.

விழா முடிந்துவிட்டது, போஸ்ட்டும் போட்டாயிற்று. இனி ஏதாவது அனுப்ப வேண்டுமா?

ஒரு வாரம் கழித்து ஒரு சின்னக் குறிப்பு அனுப்புங்கள். சொன்ன இரண்டு போஸ்ட், ஒரு ஸ்டோரி எந்தெந்த நாளில் வந்தன, ஒவ்வொன்றையும் எத்தனை பேர் பார்த்தார்கள், எத்தனை பன் மிஞ்சியது. ஸ்டோரி மறைந்துவிடும் என்பதால் அது பக்கத்தில் இருக்கும்போதே ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நான் சொன்ன 900க்குப் பதில் 600 பேர்தான் பார்த்திருந்தாலும் 600 என்றே எழுதுங்கள்.

அந்தப் பள்ளியில் 31 பன் மிஞ்சியது. மைதானத்தைச் சுத்தம் செய்தவர்களுக்குக் கொடுத்தார்கள். குறிப்பில் அதையும் எழுதினோம். அடுத்த ஆண்டு பள்ளியே முதலில் கூப்பிட்டது, இந்த முறை 650 போதும் என்றார்கள்.